கண் மங்கியவருக்கு ஆப்பிள் வாட்ச்: எழுத்தைப் பெரிதாக்குவது, பேச வைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு கண்ணிலும் மாகுலா தேய்மானம். நேரே பார்க்கும் இடம் கலங்கித் தெரியும், ஓரங்கள் மட்டும் ஓரளவு தெளிவு. ஆப்பிள் வாட்சை அவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்த பிறகு, தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகப் பலர் என்னிடம் கேட்டவைதான் கீழே உள்ள கேள்விகள். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வசதியாக அப்படியே கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். மணி கூடத் தெரியலைன்னு சொல்றாங்க. எழுத்து அளவை ஏற்கெனவே பெரிசாக்கிட்டேனே?

எழுத்து அளவு செய்திகளிலும் அமைப்புகளிலும் பட்டியல்களிலும்தான் வேலை செய்யும். மணி காட்டும் முகப்பை அது தொடுவதே இல்லை. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்குவார்கள், முகப்பு மட்டும் பழையபடி சின்னச் சின்ன எண்களோடு இருக்கும்.

முகப்பையே மாற்ற வேண்டும். ஐபோனில் உள்ள Watch செயலியைத் திறந்து, Face Gallery பகுதியில் X-Large என்ற முகப்பைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். திரையை முழுக்க அடைத்துக்கொண்டு மணியும் நிமிடமும் மட்டும் நிற்கும். எங்கள் வீட்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண் வைத்தோம். முதலில் சிவப்புதான் வைத்திருந்தேன், அழகாக இருந்தது, ஆனால் சாயங்காலம் சமையலறை விளக்கில் அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் காட்டி அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், மற்ற முகப்புகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். Watch செயலியில் My Watch பக்கத்தில் My Faces வரிசையில் Edit அழுத்தினால் நீக்கலாம். பட்டியலில் ஒரே முகப்பு இருந்தால், விரல் தெரியாமல் பட்டு வேறு முகப்புக்குப் போய்விட வழியில்லை.

சரி, எழுத்து அளவை எங்கே மாற்றுவது?

வாட்சின் பக்கவாட்டில், பழைய கடிகாரங்களில் சாவி கொடுக்கும் இடத்தில், ஒரு உருண்டைக் குமிழ் இருக்கிறதல்லவா, அதை ஒருமுறை அழுத்துங்கள். செயலிகள் வரும். அதில் Settings → Display & Brightness → Text Size. அங்கே குமிழைத் திருகத் திருக எழுத்து வளரும். அதே Display & Brightness பக்கத்திலேயே Bold Text என்பதையும் போட்டுவிடுங்கள். என் அனுபவத்தில், எழுத்தை ஒரு படி பெரிதாக்குவதைவிடத் தடிப்பாக்குவது அம்மாவுக்கு அதிகம் உதவியது. மெல்லிய கோடுகள்தான் கலங்கல் பார்வையில் முதலில் கரைந்து போகின்றன.

வாட்சின் சின்னத் திரையில் தடவிக்கொண்டிருக்க வேண்டாம் என்றால், ஐபோனின் Watch செயலியில் My Watch → Display & Brightness போனாலும் இதே இரண்டும் இருக்கும்.

அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் இன்னொன்று. வாட்சில் Wake Duration என்று ஒரு வரி இருக்கும். தொட்டு எழுப்பிய திரை வழக்கமாக 15 விநாடியில் அணைந்துவிடும். அதை 70 விநாடியாக மாற்றுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு 15 விநாடி எந்த மூலைக்கு? பாதிச் செய்தியில் திரை அணைந்தால், மறுபடி எழுப்பி, விட்ட இடத்தைத் தேடி, கடைசியில் "எனக்கு வேண்டாம்பா இது" என்று கழற்றி வைத்துவிடுவார்கள்.

உச்ச அளவு வைத்தும் அப்பாவால் படிக்க முடியலை. கண் அழுத்த நோய் இருக்கு அவருக்கு.

ஒரு படி குறைத்துப் பாருங்கள். ஆச்சரியமாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

கண் அழுத்த நோய் முற்றும்போது பெரும்பாலும் ஓரப் பார்வை சுருங்கும். நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதைப் போல ஆகிவிடும். அப்படிப்பட்டவருக்கு எழுத்தை மிகப் பெரிதாக்கினால், ஒரே பார்வையில் ஒரு சொல்கூட முழுதாக அடங்காது. "சாயங்காலம்" என்ற சொல்லில் "சாய" மட்டும் தெரியும், மீதிக்குக் கண்ணை நகர்த்த வேண்டும். வாட்சின் குறுகிய திரையில் பெரிய எழுத்து சொல்லை உடைத்து அடுத்த வரிக்கும் தள்ளிவிடும். இவருக்கு நடுத்தர அளவு, தடித்த எழுத்து, நல்ல வெளிச்சம் – இதுதான் சரி.

மாகுலா தேய்மானம் இதற்கு நேர்மாறு. நடுப்பகுதி போய்விடும், ஓரம் இருக்கும். இவர்களுக்குப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பலன் உண்டு.

நோயின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பி, அளவை ஒவ்வொரு படியாக மாற்றிச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படிக்கிற மிகச் சிறிய அளவு எதுவோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். எந்த அளவிலும் தடுமாறுகிறார் என்றால், கண்ணை வருத்துவதை விட்டுவிட்டுக் காதுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. அது கீழே வருகிறது.

சில செயலிகளில் மட்டும் எழுத்து சின்னதாகவே இருக்கு. அதுக்கு என்ன வழி?

அந்தச் செயலியைச் செய்தவர்கள் வாட்சின் எழுத்து அளவைப் பின்பற்றும்படி எழுதவில்லை. அதற்குத்தான் ஸூம். Settings → Accessibility → Zoom போய் அதை இயக்குங்கள்.

இரண்டு விரலைச் சேர்த்துத் திரையில் இருமுறை தட்டினால் பெரிதாகும். மறுபடி அப்படியே தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். பெரிதான நிலையில், இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் நகரும். குமிழைத் திருகியும் நகர்த்தலாம். இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் மேலே கீழே நகர்த்தினால் எத்தனை மடங்கு என்பது மாறும். எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதை அந்த அமைப்புப் பக்கத்திலேயே கட்டுப்படுத்தலாம். உச்சம் 15 மடங்கு வரை போகும், ஆனால் அவ்வளவு பெரிதில் திரையில் ஓர் எழுத்தின் துண்டுதான் நிற்கும். இரண்டு, மூன்று மடங்கோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஸூமை நான் கடைசித் துணையாகத்தான் வைத்திருக்கிறேன். தினமும் பயன்படுத்தும் ஒன்றுக்கு ஸூம் தேவைப்பட்டால், அந்த வேலையை வாட்சில் செய்யாமல் போனில் செய்வது நல்லது.

திரை பூதாகரமா ஆகி எங்கேயோ மாட்டிக்கிச்சு. தள்ளினா நகரவே இல்லை.

ஸூம் இயங்கியபடியே இருக்கிறது. தெரியாமல் இரண்டு விரல் பட்டிருக்கும். இரண்டு விரலால் இருமுறை தட்டுங்கள், சரியாகிவிடும். குமிழைத் திருகினால் பட்டியல் மேலே கீழே போகாமல் திரை பக்கவாட்டில் ஊர்கிறதென்றால், அதுவும் இதே அடையாளம்தான். குமிழை மறுபடி பட்டியலுக்குத் திருப்ப, இரண்டு விரலால் ஒரே ஒருமுறை தட்டினால் போதும். பெரியவருக்கு இது அடிக்கடி நடந்தால் ஸூமை அணைத்தே வைத்துவிடுங்கள்.

எங்க பாட்டிக்குச் செய்தியெல்லாம் வேண்டாம். மணி மட்டும் வாய்விட்டுச் சொன்னா போதும்.

அதற்கு முழுத் திரை வாசிப்பான் தேவையில்லை. Settings → Clock → Speak Time என்பதை இயக்குங்கள். இனி முகப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வாட்ச் மணியைச் சொல்லும். வேறு எந்தத் தொடுகையும் மாறாது என்பதுதான் இதன் பெரிய நன்மை. பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதே இடத்தில் இரண்டு தேர்வுகள் இருக்கும். Always Speak வைத்தால் எப்போதும் பேசும். Control With Silent Mode வைத்தால், வாட்சை ஒலியில்லாமல் வைத்திருக்கும்போது பேசாது. வீட்டிலேயே இருப்பவருக்கு முதலாவதுதான் சரி. இரண்டாவதை வைத்தால் எப்போதாவது ஒலி அணைந்து போய், "வாட்ச் கெட்டுப்போச்சு" என்று போன் வரும்.

இந்த இரண்டு விரல் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முதல் நாள் பத்து முறையில் ஏழு முறை மணி சொல்லவில்லை. முகப்பு சுருங்கி, அடியில் ஏதோ பொத்தானோடு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் முதலில் படுகிறது, நடுவிரல் சற்றுத் தாமதமாக வருகிறது. வாட்ச் அதை ஒரு விரல் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு முகப்பு மாற்றும் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. அப்படி ஆனால் குமிழை ஒருமுறை அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

தீர்வு எளிது. இரண்டு விரலையும் ஒட்டாமல், நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, நெற்றியில் விபூதி இடுகிற மாதிரி ஒன்றாகப் பதிக்கச் சொன்னேன். அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

கோயில்ல, சாவு வீட்டுல எல்லாம் அது சத்தமா மணி சொன்னா சங்கடமா இருக்காதா?

மணிக்கட்டில் தட்டிச் சொல்லவும் அதற்குத் தெரியும். Settings → Clock → Taptic Time. ஆனால் Speak Time அமைப்பில் Always Speak இருக்கும்வரை இது வேலை செய்யாது. அதை Control With Silent Mode என்று மாற்ற வேண்டும். அப்புறம் வாட்சை ஒலியில்லா நிலைக்குக் கொண்டுபோய், முகப்பில் அதே இரண்டு விரல் அழுத்தம்.

Digits என்ற முறையில் நீண்ட தட்டு பத்தைக் குறிக்கும், சின்னத் தட்டு ஒன்றைக் குறிக்கும். 4:35 என்றால் முதலில் சின்னதாக நான்கு, பிறகு நீண்டதாக மூன்று, கடைசியில் சின்னதாக ஐந்து. எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். Terse முறையில் நீண்ட தட்டு ஒன்றுக்கு ஐந்து மணி, சின்னத் தட்டுக்கு ஒரு மணி, அதன் பிறகு வரும் ஒவ்வொரு நீண்ட தட்டும் கால் மணி நேரம். அதே 4:35-க்குச் சின்னதாக நான்கு, நீண்டதாக இரண்டு, அதாவது நாலரை தாண்டிவிட்டது. நிமிடக் கணக்கு வேண்டாதவருக்கு இது நிம்மதி. "நாலேகால், நாலரை, நாலேமுக்கால்" என்றே நாள் முழுக்கப் பேசிப் பழகிய தலைமுறைக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது.

வாய்ஸ்ஓவர் எப்போ தேவை? அதை எப்படிப் போடுறது?

மணியைத் தாண்டி, யார் கூப்பிடுகிறார்கள், என்ன செய்தி, எந்தப் பொத்தானில் விரல் இருக்கிறது என்று எல்லாமே காதில் விழ வேண்டும் என்றால் வாய்ஸ்ஓவர். ஆனால் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது, இது தொடுகையின் இலக்கணத்தையே மாற்றிவிடும். ஒருமுறை தொட்டால் இனி எதுவும் திறக்காது, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். திறக்க இருமுறை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இடப்பக்கம் தள்ளினால் முந்தையதற்குப் போகும்.

அதனால் முதலில் வெளியேறும் வழியைப் போட்டுவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள். Settings → Accessibility → Accessibility Shortcut பக்கத்தில் VoiceOver ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இனி குமிழை மூன்று முறை வேகமாக அழுத்தினால் பேச்சு வரும், மறுபடி மூன்று முறை அழுத்தினால் நிற்கும். அந்தப் பட்டியலில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் எது வேண்டும் என்று திரையில் கேட்கும், பார்க்க முடியாதவருக்கு அது தேவையற்ற சுமை. நான் இந்தக் குறுக்குவழியைப் போடாமல் வாய்ஸ்ஓவரை இயக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் அம்மா வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தவறு என்னுடையது.

இயக்கும் இடம் Settings → Accessibility → VoiceOver. சிரியிடம் "Turn on VoiceOver" என்று சொன்னாலும் போதும். அதே பக்கத்தில் Speaking Rate என்ற வேகத்தைக் குறைத்துவிடுங்கள், இயல்பான வேகம் பெரியவர்களுக்கு ஓட்டம். Speak on Wrist Raise இயங்கினால் கையைத் தூக்கும்போதே பேசத் தொடங்கும். Screen Curtain என்பதைத் தொடாதீர்கள். அது திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிடும், மீதம் இருக்கும் கொஞ்சப் பார்வைக்கும் வேலை இல்லாமல் போகும்.

அம்மா எத்தனை நாளில் பழகினாங்க? எந்த வரிசையில் சொல்லிக் கொடுத்தீங்க?

ஏறக்குறைய இரண்டு வாரம். முதல் வாரம் மூன்றே மூன்று அசைவுகள்: தொடு, தள்ளு, இருமுறை தட்டு. வேறு எதையும் சொல்லவில்லை.

இருமுறை தட்டுவதில்தான் அதிக நேரம் போனது. தொட்டு, பெயரைக் கேட்டு, விரலை எடுத்து, அந்தச் சின்னப் பொத்தானையே குறிவைத்து மறுபடி தட்டப் பார்ப்பார். குறி தவறும், வேறு ஒன்றின் பெயரைச் சொல்லும். குறிவைக்கவே வேண்டாம் என்று புரிய வைத்த நிமிடத்தில் பாதி சிரமம் தீர்ந்தது. பெயர் காதில் விழுந்துவிட்டால், திரையில் எந்த இடத்தில் இருமுறை தட்டினாலும் கடைசியாகப் பெயர் சொன்னதுதான் திறக்கும். "தொடுறது கேள்வி, ரெண்டு தடவை தட்டுறது ஆமாங்கிற பதில்" என்று அம்மாவே அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

பயிற்சிக்குப் போன் அழைப்பை எடுத்துக்கொண்டோம். நான் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவேன். வாட்ச் பெயரைச் சொல்லும். அம்மா வலப்பக்கம் தள்ளித் தள்ளி "Answer" என்று காதில் விழும்வரை போவார், இருமுறை தட்டுவார். பத்து அழைப்புக்குப் பிறகு கை தானாகப் போனது.

இரண்டாவது வாரத்தில் இரண்டு விரல் அசைவுகள். இரண்டு விரலால் மேலே தள்ளினால் பட்டியல் உருளும். பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு விரலால் ஒருமுறை தட்டினால் பேச்சு நிற்கும், இது தெரியாவிட்டால் நீளச் செய்தியின் நடுவில் தவித்துப்போவார்கள். இரண்டு விரலால் Z எழுதுவதைப் போல இழுத்தால் முந்தைய பக்கத்துக்குத் திரும்பும். இந்தக் கடைசி அசைவு அம்மாவுக்கு இன்றுவரை வரவில்லை. குமிழை அழுத்தி முகப்புக்குத் திரும்பிவிடுகிறார், அதுவே போதும்.

கடவுச் சொல் எண்ணையும் சத்தமா படிக்குதே! நாலு பேர் முன்னாடி எப்படிப் போடுறது?

வாய்ஸ்ஓவரில் ஒவ்வோர் எண்ணையும் தொட்டுக் கேட்டு, இருமுறை தட்டித்தான் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். Watch செயலியில் Passcode → Unlock with iPhone என்பதை இயக்கிவிடுங்கள். கையில் வாட்சைக் கட்டியபடி ஐபோனைத் திறந்தால் வாட்சும் சேர்ந்து திறந்துகொள்ளும். காலையில் குளித்துவிட்டு ஒருமுறை கட்டினால், கழற்றும்வரை மறுபடி கேட்காது.

வாட்ச் திடீர்னு எல்லாத்தையும் பேசுது, எதைத் தொட்டாலும் திறக்கலை. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. குமிழ் தெரியாமல் மூன்று முறை அழுந்தியிருக்கும். மறுபடி மூன்று முறை அழுத்துங்கள். குறுக்குவழி போடாத வாட்சாக இருந்தால் சிரியிடம் "Turn off VoiceOver" என்று சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், இணைந்திருக்கும் ஐபோனில் Watch செயலியைத் திறந்து My Watch → Accessibility → VoiceOver போய் அணைத்துவிடலாம்.

தமிழ்ச் செய்தி வந்தால் தமிழில் படிக்குமா?

வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் வாட்சில் வாய்ஸ்ஓவரை இயக்கி, அவருக்கு "அம்மா, சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கேட்பது புரிகிறதா என்று உங்கள் அம்மாவே சொல்லட்டும்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பொத்தான்களின் பெயரும் மணியும் ஆங்கிலத்தில் வரட்டும். அம்மாவுக்கு அதற்குத் தேவைப்பட்டது எண்களும் பதினைந்து ஆங்கிலச் சொற்களும்தான். நீளமான தமிழ்ச் செய்தி எல்லாம் ஐபோனில், அங்கே வாய்ஸ்ஓவருக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது. வாட்ச் செய்வது "இவரிடமிருந்து செய்தி" என்று சொல்வது மட்டும். தொடர்புகளில் பெயர்களை ஆங்கில எழுத்தில் "Chinna Akka", "Murugan Auto" என்று வைத்தோம், உச்சரிப்பு கொஞ்சம் வளைந்தாலும் யார் என்று தெரிந்துவிடுகிறது.

நான் வெளியூர்ல இருக்கேன். இங்கிருந்தே அப்பாவோட வாட்ச் அமைப்பை மாத்த முடியுமா?

இந்த மாற்றங்களை வாட்சிலோ அதோடு இணைந்த ஐபோனிலோதான் செய்ய வேண்டும். உங்கள் போனிலிருந்து முடியாது. அதனால் ஊருக்குப் போகும்போதே குறுக்குவழி, ஒரே முகப்பு, 70 விநாடி, Unlock with iPhone நான்கையும் முடித்துவிட்டு வாருங்கள்.

நேரில் சொல்லிக் கொடுக்கும்போது, அப்பாவின் ஐபோனில் Settings → Accessibility → Apple Watch Mirroring இயக்கினால் வாட்ச் திரை போனில் பெரிதாகத் தெரியும். சீரிஸ் 6-இலிருந்து இந்த வசதி உண்டு. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல், எங்கே தவறுகிறார் என்று நீங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு தொலைபேசியில் சரிசெய்ய இரண்டே வாக்கியங்கள் போதுமாக இருக்கும்: "குமிழை மூணு தடவை அழுத்துங்கப்பா", "ரெண்டு விரலால ரெண்டு தடவை தட்டுங்கப்பா". முதலாவது பேச்சுச் சிக்கலுக்கு, இரண்டாவது பெரிதாகி மாட்டிக்கொண்ட திரைக்கு. அம்மாவின் படுக்கை அருகே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இந்த இரண்டையும் தடித்த மார்க்கர் பேனாவால் விரல் உயரத்துக்கு எழுதி மாட்டியிருக்கிறேன். அவரால் படிக்க முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்கா வந்து படித்துச் சொல்கிறார்.